நிறுத்தக்கூடாத இடத்தில் ஒரு சாமி

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில், ஒரு தோட்டத்துச் சாலை ரயில் பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் என் வீட்டுக்காரர் கேட்காரராக இருந்தார். கேட்டை ஒட்டி எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் சாய்ப்பும் கொடுத்திருந்தார்கள். ரயில் போனால் தட்டு முட்டுச் சாமான்கள் எல்லாம் ஆடும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தூக்கமே வராது. பிறகு ரயில் வராத நேரத்தில்தான் விழிப்பு வந்தது.

அவர் வேலை பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து ரயில் புறப்பட்டதும் எங்கள் குடிசையில் மணி அடிக்கும். உடனே சாலையின் இரண்டு பக்கத்து மரக் கதவுகளையும் சாத்திப் பூட்டவேண்டும். பச்சைக் கொடியோடு நின்று ரயிலை அனுப்பிவிட்டுத் திறக்கவேண்டும். அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள். என் தம்பிகூட ஒருமுறை, "மாமாவுக்கு என்ன, கதவு தொறக்கிற வேலைதானே" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

கதவு அல்ல அவருக்குத் தொல்லை. தொல்லை முனி.

பாதையைத் தாண்டி கிழக்குப் பக்கம் சாலை இறங்கும் இடத்தில், தண்டவாளத்துக்கு அடுத்தாற்போல் ஒரு மரத்தடியில் முனீஸ்வரர் இருந்தார். பாதை போட வந்த நம் ஆட்கள் நட்ட கல். அவர்கள் காய்ச்சலில் செத்தார்கள், கல் இருந்தது. நானும் வெள்ளிக்கிழமை அங்கே விளக்கு வைத்தவள்தான், சாமிமேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தச் சாலையில் போகிற மாட்டு வண்டி, லோரி, வாடகைக் கார், பஸ் எதுவானாலும் முனியிடம் நிற்காமல் போகாது. ரயில் பாதையை உயிரோடு தாண்டியதற்கு நன்றி சொல்லவேண்டுமாம். ஓட்டுகிறவர் இறங்கிப்போய்ச் சூடம் கொளுத்தி, திருநீறு பூசி, சக்கரத்துக்கும் கொஞ்சம் பூசிவிட்டுத்தான் வருவார். மாட்டு வண்டியாக இருந்தால் மாட்டின் நெற்றிக்கும் உண்டு.

முன்வண்டி சாமி கும்பிட நிற்கும். பின்னால் வருகிற வண்டி எங்கே நிற்கும்? தண்டவாளத்தின்மேல் நிற்கும்.

இதைத்தான் அவர் நாள் முழுக்கக் கத்தினார். "அண்ணே, முன்னாடி போற வண்டி முழுசா எறங்கி, உங்க வண்டிக்கு எடம் விட்டப்புறம் லைன்ல ஏறுங்க. எடம் இல்லேன்னா கேட்டுக்கு வெளியவே நில்லுங்க." லோரிக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார். "கேட்டுகிட்ட வரும்போதே வேகத்தைக் கொறச்சு சின்ன கியர்ல போட்டுக்குங்க. லைன்மேல கியர் மாத்தாதீங்க, எஞ்சின் செத்துப்போகும்." அவர்கள் தலையை ஆட்டுவார்கள். நம் ஆட்கள் தலையை ஆட்டினால் காது மூடிக்கொண்டது என்று அர்த்தம்.

கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. சாலை சமதளத்தில் அகலமாகும் இடம் ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே நாலு வண்டி நின்றாலும் லைனுக்குச் சம்பந்தமில்லை. அவர் தோட்டத்துப் பெரிய கங்காணியிடம் போய்க் கேட்டார். அந்த முனிக்கு வருஷத் திருவிழா நடத்துவது கங்காணிதான். நானும் கூடப் போயிருந்தேன், தட்டில் வெற்றிலை பாக்கு பழமெல்லாம் வைத்து, பெண் கேட்கப் போகிற மாதிரி.

"சாமிய எழுப்பி எடம் மாத்தச் சொல்றியா?" என்றார் கங்காணி. "ரயிலுக்குப் பயந்து சாமி ஓடணுமா? ரயிலு நேத்து வந்தது."

"சாமி ஓட வேணாங்க. வண்டிங்க நிக்காம இருந்தா போதும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"கும்பிடாதேன்னு நான் எப்படிய்யா சொல்றது? அந்தப் பாவம் எனக்கு வேணாம்." கங்காணி வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல ஒரு விபத்து உண்டா? ஏன் இல்ல? அவரு காப்பாத்துறாரு."

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அவர் சொன்னார், "விபத்து ஏன் இல்லேன்னா நான் தொண்டை கிழியக் கத்துறேன், அதனாலதான் இல்ல." அவர் பெருமை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எனக்கும் அவர் வேலையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். காய்ச்சல் கீய்ச்சல் வந்து படுத்துவிட்டால் யார் இருக்கிறார்கள், நான்தானே. லைனில் ஏதாவது மாட்டிக்கொண்டால் முதலில் ஆட்களை இறக்கு. சாமான் போனால் போகட்டும். பிறகு சிவப்புக் கொடியையும் பட்டாசையும் எடுத்துக்கொண்டு ரயில் வரும் பக்கமாக ஓடு, நின்று யோசிக்காதே. பட்டாசு என்றால் தீபாவளிப் பட்டாசு அல்ல, சின்னத் தகர டப்பி. தண்டவாளத்தின்மேல் வைத்து அதன் ஈயப் பட்டையை இரண்டு பக்கமும் மடக்கிவிட்டால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும். டிரைவர் கொடியைப் பார்க்காவிட்டாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிரேக் போடுவார். "எவ்வளவு தூரம் ஓட முடியுமோ ஓடு. ரயிலு நெனச்ச எடத்துல நிக்காது, அது மாடு இல்ல" என்பார்.

இன்னொன்றும் சொல்வார். அது எனக்கு வெகுநாள் புரியவில்லை. இறங்கின ஆட்களை லைனைவிட்டு விலக்கும்போது, ரயில் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே ஒதுங்கி நடக்கச் சொல்லவேண்டுமாம். வருகிற ரயிலை நோக்கி எவளாவது நடப்பாளா என்று கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக் காட்டினார். தம்ளரை ரயிலாக்கி, உப்புக் கிண்ணத்தை லோரியாக்கி இடித்தார். கிண்ணம் தம்ளர் போகிற திசையில் பாய்ந்து உருண்டது, உப்பெல்லாம் பாயில் கொட்டியது. "பாத்தியா? அடிபட்டது முன்னால பறக்கும். முன்னால நின்னா அதுல மாட்டிக்குவ. பின்பக்கமா, லைனைவிட்டுத் தள்ளி நின்னா தப்பிச்சே." உப்பை நான் அள்ளினேன், திட்டிக்கொண்டே.

அது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. மத்தியானம் தாண்டி வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தோட்டத்திலிருந்து கோலாலம்பூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குப் பெண்கள் லோரியில் போனார்கள். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக, ஒரே பாட்டும் சிரிப்பும். அவர்களுக்கு முன்னால் ஒரு கிழவர் விறகு ஏற்றிய மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

மாட்டு வண்டி லைனில் ஏறிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கிள்ளானிலிருந்து ரயில். அவர் கிழக்குக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு மேற்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், கிழவர் வண்டி தாண்டியதும் எல்லாவற்றையும் சாத்திவிடலாம் என்று. லோரிக்காரர் பார்த்தார். கதவு முழுசாகச் சாத்துவதற்குள் நுழைந்துவிட்டார். "டேய், நில்லு, மணி அடிச்சிருச்சு!" என்று இவர் கத்தியதற்கு, "ஒரு நிமிசம்லா அண்ணே!" என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

கிழவர் வண்டி லைனைத் தாண்டி முனிக்கு நேரே நின்றது. வழக்கம்போல.

லோரி அதன் வாலில் முட்டாத குறையாக நின்றது. முன்சக்கரம் சரிவில், பின்சக்கரம் தண்டவாளத்தில். அவசரமாகப் பிரேக்கை மிதித்ததில் எஞ்சின் ஒரு உதறு உதறி அடங்கியது. பெண்களின் பாட்டு நிற்கவில்லை. எஞ்சின் நின்றதே அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் சாய்ப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டது. "புள்ள! கொடி! பட்டாசு! ஓடு!" என்ன ஏது என்று கேட்கவில்லை. சுவரில் தொங்கிய பையையும் கொடியையும் உருவிக்கொண்டு கிள்ளான் பக்கமாக ஓடினேன். ஒற்றைப் பாதை, அந்த ரயில் நடுவில் இருக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வேறு ரயிலை விடமாட்டார்கள், அதனால் ஒரு பக்கம் ஓடினால் போதும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டைக்குக் கட்டை தாவினேன். ஜல்லி காலைக் கிழித்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார், பார்க்கவில்லை. அதனால் பின்னால் நடந்ததெல்லாம் நான் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். பலபேர் பலவிதமாகச் சொன்னாலும், இந்த அளவுக்கு எல்லாரும் ஒன்றாகவே சொன்னார்கள்.

அவர் முதலில் பெண்களை இறக்கினார். கையைப் பிடித்து இழுத்து, குழந்தைகளைத் தூக்கிப் போட்டு, ஒருத்தி தேங்காய்க் கூடையைத் தேடியபோது கூடையைப் பிடுங்கி எறிந்து இறக்கினார். லோரிக்காரரும் அப்போது புத்தி வந்து, கியரைப் போட்டு, முன்னால் ஓடி எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றப் பார்த்தார். கியரில் வைத்துச் சுழற்றினால் லோரி அங்குலம் அங்குலமாக நகரும், அவர் நினைத்தது சரிதான். ஆனால் நகர இடம் வேண்டுமே, எதிரே மாட்டு வண்டி. பின்னால் தள்ளலாமென்றால் மேடு.

மாட்டு வண்டி ஒரு வண்டி நீளம் முன்னால் போனால் போதும், லோரி தானாகச் சரிவில் இறங்கிவிடும். அவர் ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடுகள் அசையவில்லை. அடித்தார், வாலை முறுக்கினார், அசையவில்லை. வருஷக்கணக்காக அந்த இடத்தில் நெற்றியில் திருநீறு வைத்த பிறகே நடந்து பழகிய மாடுகள். இன்னும் யாரும் வைக்கவில்லை. கிழவரோ சூடத்தைக் கொளுத்திவிட்டார், அது எரிந்து முடிகிறவரை முனிக்கு முதுகைக் காட்டமாட்டார்.

அதே நேரத்தில்தான் என் பட்டாசுகள் வெடித்தன. நான் வளைவுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தேன். கொடியை இரண்டு கையாலும் விரித்து ஆட்டிக்கொண்டு லைனுக்குப் பக்கத்தில் குதித்தேன். எஞ்சின் டிரைவர் என்னைப் பார்த்தார், அவர் முகம் எனக்குத் தெரிந்தது. விசில் அலறியது, சக்கரமெல்லாம் தேய்ந்து கத்தியது, இரும்பு நாற்றத்தோடு பெட்டிகள் என்னைத் தாண்டிப் போயின. வேகம் குறைந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாய்விட்டுச் சொன்னேன். நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

வெடிச் சத்தம் கேட்டதும் அவர் மாட்டை விட்டுவிட்டார். அதுவும் அவர் எனக்குச் சொன்ன பாடம்தான்: நேரம் முடிந்தால் வண்டியை விட்டுவிடு. லோரிக்காரரையும் விரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆட்களைக் காணோம். எங்கே போயிருப்பார்கள்? லோரியிலிருந்து இறங்கின பெண்கள் குழந்தைகள் அத்தனை பேரும் முனியிடம் ஓடிப்போய், கல்லைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, "அப்பா காப்பாத்து, அப்பா காப்பாத்து" என்று அழுதுகொண்டிருந்தார்கள். தண்டவாளத்தை ஒட்டி, ரயில் போகிற திசையில், லோரி அடிபட்டால் நேராக வந்து விழுகிற இடத்தில்.

அவர் அவர்கள் நடுவில் பாய்ந்தார். சாமி சன்னதி என்று பார்க்கவில்லை, பெண்பிள்ளை என்று பார்க்கவில்லை, அடித்தார். கொடிக் கம்பால் முதுகில் அடித்து, உதைத்து, சரிவில் உருட்டிவிட்டார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாராம். என்னிடம்கூடச் சொல்லாத வார்த்தைகள். எல்லாரும் போய்விட்டார்கள், கிழவரைத் தவிர. சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் கிழவரை இடுப்பில் பிடித்துத் தூக்கி அப்பால் எறிந்தார். தான் போக நேரமில்லை.

ரயில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டதாம் அப்போது. நடக்கிற வேகம்தான். ஆனால் ரயில் அல்லவா நடக்கிறது. லோரியின் பின்பக்கத்தில் இடித்து அதை அப்படியே சுழற்றி மரத்தோடு சேர்த்து வைத்தது.

நான் ஓடி வந்தபோது ரயில் நின்றிருந்தது. பெண்கள் ஒருத்திக்கும் ஒன்றுமில்லை. மாடுகளுக்குக்கூட ஒன்றுமில்லை. கல்லுக்கும் ஒன்றுமில்லை, ஒரு கீறல்கூட. மாலை அப்படியே இருந்தது. லோரிக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

விசாரணை நடந்தது. மணி அடித்த பிறகும் கேட் ஏன் திறந்திருந்தது என்று ரயில்வே துரை கேட்டார். திறந்திருந்ததால் போனேன் என்று லோரிக்காரர் சொன்னார். ஒரு நிமிசம்லா என்று கையை ஆட்டியதைச் சொல்லவில்லை. தனக்குக் காது மந்தம் என்றார் கிழவர். முனியைப் பற்றி நான் சொன்னேன். மொழிபெயர்த்தவர் அதைச் சுருக்கி என்னவோ சொன்னார், துரை எழுதவே இல்லை. கதவைச் சாத்துவதில் தாமதம் என்று முடித்தார்கள். தாமதமாம். அவர் சோறு தின்னும்போது மணி அடித்தால் கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார்.

வீட்டைக் காலி செய்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் இருந்த அக்காவிடம் போய்விட்டேன். அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோடாவது சண்டை போட உடம்பெல்லாம் தினவெடுத்தது. கருமாதிக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "முனி ஒரு உயிர் கேட்டிருக்காரு அக்கா. எங்களுக்குப் பதிலா அண்ணன் போயிட்டாரு" என்று ஒருத்தி சொன்னாள். முனி கேட்கவில்லையடி, நீங்கள் நின்றீர்கள், அதனால் செத்தார் என்று சொன்னேன். பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று எனக்கு விசிறிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, கிள்ளானில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சேதி வந்து அந்தப் பக்கம் போனேன். ரயிலில் ஏற மனம் வரவில்லை, பஸ்ஸில் போனேன். போய்ச்சேர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது ஏறின பஸ் தோட்டத்துச் சாலை வழியாக வந்தது. எனக்கு அது முதலில் தெரியவில்லை. கேட்டைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

பஸ் நின்றது. எனக்குக் கீழே இரும்பில் சக்கரம் உட்காருவதை உடம்பாலேயே உணர்ந்தேன். பின்சக்கரம் லைனில். எட்டிப் பார்த்தால் முன்னால் ஒரு லோரி, ஒரு கார், இரண்டு மாட்டு வண்டி. முனியின் பக்கத்தில் புதிதாக ஒரு கல் நட்டிருந்தார்கள். சிவப்புத் துண்டு கட்டி, மஞ்சள் பூசி, முன்னால் ஒரு பச்சைக் கொடி செருகி. கங்காணி செலவில் தகரக் கூரைகூடப் போட்டிருந்தார்கள். வண்டிகள் இப்போது இரண்டு இடத்தில் சூடம் கொளுத்த வேண்டியிருந்ததால் இரண்டு மடங்கு நேரம் நின்றன.

"யாரு இந்தப் புதுச் சாமி?" என்று எனக்கு முன்னால் இருந்தவர் கேட்டார்.

"கேட்டு அப்பா" என்றார் கண்டக்டர். "ரொம்பச் சக்தி. இவருகிட்ட நின்னு கும்புட்டுட்டுப் போனா ரயிலு ஒண்ணும் செய்யாது." தேங்காயை எடுத்துக்கொண்டு இறங்கினார். எஞ்சினை நிறுத்திவிட்டு டிரைவரும் இறங்கினார், மரியாதைக்காக.

நான் எழுந்தேன். "எறங்குங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் எறங்குங்க! லைன்மேல நிக்குது! எறங்கித் தள்ளிப் போங்க!" யாரும் அசையவில்லை, பார்த்தார்கள். என் குரல் எனக்கே அவர் குரல் போல இருந்தது. பக்கத்தில் இருந்த கிழவியின் கையைப் பிடித்து இழுத்துப் படியில் இறக்கினேன். ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிடுங்கி வெளியே கொண்டுபோனேன். முடி அவிழ்ந்துவிட்டது. இரண்டு கல்லையும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இங்க வண்டிய நிறுத்தாதீங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன், இங்க நிறுத்தாதீங்க!" என்று கதறினேன். அவர் சாகும்வரை சொன்னது அதுதான். அதைத்தவிர எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டம் கூடியது. ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஐயோ, அவரு பொஞ்சாதி! அவரு மேல எறங்கிட்டாரு! கேட்டு அப்பா வந்துட்டாரு!"

குலவை போட்டார்கள். யாரோ என் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். புதிதாக வந்திருந்த கேட்காரர் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைகூப்பி நின்றார். நான் சாமி இல்லை என்று கத்தினேன், திமிறினேன், அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கின கைக்குத் தலையைக் காட்டினார்கள், ஆசீர்வாதம் என்று.

"சொல்லு அப்பா, என்ன வேணும்? சொல்லு, செய்யிறோம்."

"இங்க நிக்காதீங்க."

"சரி அப்பா, சரி அப்பா" என்று அத்தனை பேரும் சொன்னார்கள். ஒவ்வொருவராக என் காலில் விழுந்தார்கள். நான் தண்டவாளத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அவர்கள் அதன்மேல்தான் விழுந்தார்கள்.